பூசணிக்காய் பெயரில் ஒரு வீடு

என் அண்ணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களில் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. நான் திட்டை மட்டும் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் வாங்காமல் பாதியிலேயே ஓடி வந்தவன். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்கு முழு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவருக்கு, இன்னொன்று பக்கத்து இருக்கையில் இருக்கும் அண்ணிக்கு. என் அனுபவத்தில், அண்ணியின் கால் பட்டுத்தான் பெரும்பாலும் வண்டி நின்றிருக்கிறது. "அரை கிளட்ச்! அரை கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். ஆகவே அவருக்கு ஊரில் அரை கிளட்ச் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியமில்லை. எனக்கும்தான்.

கல்யாணமாகி வந்தபோது அவருக்கு சைக்கிள்கூடச் சரியாக ஓட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் போன் எடுத்துப் பேசவும், சேர வருகிறவர்களின் பெயரைப் பதியவும்தான் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் கற்றுக்கொடுக்கும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வாசலில் காத்திருந்த பெண்களைப் பார்த்து முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு ஓட்டக் கத்துக்கொடுங்க சார், நான் இவங்களுக்குக் கத்துக்கொடுக்கறேன்" என்றாராம் அண்ணி. முதலாளி சிரித்திருக்கிறார். ஆனால் கற்றுக்கொடுத்தும் இருக்கிறார். அதன்பிறகு அந்தப் பள்ளி ஓடியது அண்ணியால்தான். பலகையில் மட்டும் முதலாளியின் பெயர் இருந்தது.

இப்போது முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். காரையும் பள்ளியையும் விற்க முடிவு செய்து, முதலில் அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டார். "உனக்கு வேணும்னா சொல்லும்மா. இல்லன்னா பெட்ரோல் பங்க்காரர் ரெடியா இருக்கார். திங்கக்கிழமை வரைக்கும் அவரை நிறுத்தி வைக்கறேன், அதுக்கு மேல என்னால முடியாது."  அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணி, "எனக்கு அந்தப் பள்ளி வேணுங்க" என்று அண்ணனிடம் சொன்னார். தனக்கென்று எதையும் கேட்காத மனுஷி. அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் சேர்த்து வைத்திருந்த பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன். வீடு அண்ணியின் பெயரில்தான் பத்திரம் ஆகியிருந்தது, அதை அடமானம் வைக்கலாம். வங்கியில் கடன் பிரிவு அதிகாரியான ஒரு அம்மா எல்லாக் காகிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு விஷயத்தில் நின்றுவிட்டார். பத்திரம் அண்ணி பெயரில், வீட்டு வரி மட்டும் இன்னும் பழைய வீட்டுக்காரர் பெயரில். "இந்த வருஷ வரி ரசீது உங்க பேர்ல வேணும். நிலப் பதிவேட்டு நகலும் புதுசா எடுத்துக் கொடுங்க. ரெண்டும் திங்கட்கிழமை கையில இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்று அண்ணி வருஷா வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "வரி கட்டினாப் போதாதா, யார் பேர்ல இருந்தா என்ன?" என்பது அண்ணனின் பதில். அந்தப் பதிலின் விலை என்ன என்று வங்கியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குத் தெரிந்தது. நல்ல வேளையாக, பள்ளி விற்பனைப் பேச்சு எழுந்த உடனேயே அண்ணி நகராட்சிக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தார். பத்திர நகலை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். "மாறினதும் எங்க இணையதளத்திலேயே தெரியும், பார்த்துட்டு வரியைக் கட்டிடுங்க" என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள். நிலப் பதிவேட்டு நகலுக்கு வேறு அலுவலகம், வேறு இணையதளம். அண்ணி அங்கேயே நேரில் போய், சுவரில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே நகலை எடுத்து வந்துவிட்டார். மிச்சமிருந்தது வரி ரசீது ஒன்றுதான்.

அது சனிக்கிழமை. நான் காலைச் சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் போன்ற தனிக்கட்டைகளுக்கு அண்ணன் வீட்டுச் சமையலறைதான் புகலிடம். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க பட்டன் அழுத்திப் பழகியவர். எங்கேயாவது ஒரு பட்டனைக் கண்டுவிட்டால் அழுத்தாமல் அவரால் இருக்க முடியாது. போன் வாங்கிய நாளிலிருந்து அதில் "சரி", "அடுத்து", "சம்மதம்" என்று எது வந்தாலும், படிப்பதற்கு முன்பே விரல் போய்விடும். அண்ணி அப்படியில்லை. மருந்து அட்டையின் பின்பக்கத்தைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரை போடுவார். இந்த இரண்டு பேருக்கும் எந்தப் புண்ணியவான் ஜாதகம் பார்த்தானோ!

அண்ணன் நகராட்சியின் பெயரையும் வீட்டு வரி என்பதையும் போட்டுத் தேடினார். மேலே முதலாவதாக வந்ததைத் தொட்டார். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் அப்போது தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கம் அழகாகத்தான் இருந்தது. பெரிய கட்டடத்தின் படம், சின்னம் மாதிரி ஒரு வட்டம், "வீட்டு வரி, பெயர் மாற்றம், நில ஆவணம் அனைத்தும் ஒரே இடத்தில்" என்ற வரி. பெயர், போன் எண், வீட்டு முகவரி, வரி எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அண்ணன் விறுவிறுவென்று போட்டுக்கொண்டே போனார். ஒரு சக்கரம் சுற்றியது. அப்புறம் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏய்! மாறிடுச்சு! உன் பேர்லயே வந்துடுச்சு! இங்க வந்து பாரு!"

அண்ணி சோப்புக் கையோடு ஓடி வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சை நிறக் கட்டத்துக்குள் "சொத்து உரிமையாளர்" என்று போட்டு, பக்கத்தில் அண்ணியின் முழுப்பெயர். கீழே செலுத்த வேண்டிய வரி. அதற்கும் கீழே, இன்றே கட்டினால் பெயர் மாற்றம் உறுதி என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கை தட்டினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே தட்டினேன். அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை சீக்கிரம் மாத்திட்டாங்களே, நல்லா இருக்கட்டும்" என்று முகம் தெரியாத நகராட்சிக்காரர்களை வாழ்த்தவும் செய்தார்.

அண்ணன் அதற்குள் வங்கி அட்டையை எடுத்துவிட்டார். அந்தக் கணக்கில்தான் பள்ளிக்கான முன்பணம் முழுவதும் இருந்தது. அட்டையின் எண், முடியும் மாதம், பின்னால் இருக்கும் மூன்று எண்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல்லோடு குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அண்ணன் அந்த எண்ணை மட்டும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே கட்டத்துக்குள் விரலைக் கொண்டுபோனார்.

"இருங்க, அந்த மெசேஜை முழுசாப் படிங்க" என்றார் அண்ணி.

"நம்பர்தானே வேணும்? நம்பரைப் பார்த்தாச்சு."

"படிங்கன்னு சொன்னேன்ல!"

படிக்கும் பொறுமை அண்ணனுக்கு இல்லாததால் அண்ணியே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். இந்தக் கடவுச்சொல் இன்ன தொகையைச் செலுத்துவதற்கு, இன்னாருக்குச் செலுத்துவதற்கு என்று செய்தி தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. தொகை, அந்த இணையப் பக்கம் காட்டிய வரியைப்போலப் பல மடங்கு. பணம் போகிற இடத்தில் நகராட்சி என்ற வார்த்தையே இல்லை. ஏதோ ஒரு டிரேடர்ஸ்.

மேஜைக்கு அடியில் தடாலென்று ஒரு சத்தம். தண்ணீர்ச் செம்பு ஆடி என் மடியில் கவிழ்ந்தது. அண்ணியின் கால் தன்னாலேயே பிரேக்கை மிதித்திருந்தது. பிரேக் இல்லாததால் மேஜைக்கால் அதை வாங்கிக்கொண்டது.

"நிறுத்துங்க! கையை எடுங்க அதுலேர்ந்து!"

அண்ணன் பயந்துபோய் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். போலீஸ் பிடித்தவர்போல அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு ரோஷம் வந்தது.

"என்ன இப்போ? அவங்க யாராவது ஏஜென்ட் மூலமா வசூல் பண்றாங்களோ என்னவோ. பூட்டுப் படம் இருக்கு பாரு, மேலே. பூட்டு இருந்தா பாதுகாப்பு."

"பூட்டு இருக்கறது நாம அனுப்பறதை நடுவுல யாரும் எட்டிப் பார்க்காம இருக்க. கதவைத் தாழ் போட்டுட்டு உள்ளே திருடன் உட்கார்ந்திருந்தா?" என்றார் அண்ணி.

"அப்போ உன் பேர் எப்படி வந்துச்சு? பழைய வீட்டுக்காரர் பேர்ல இருந்தது உன் பேருக்கு மாறி வந்திருக்கே, அது எப்படி? திருடனுக்கு உன் பேர் தெரியுமா?"

எனக்கும் அண்ணன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பச்சைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைக்க அவருக்குத்தான் எங்கள் எல்லோரையும்விடக் கஷ்டம். அது மெய்யாக இருந்தால் திங்கட்கிழமை பள்ளி அவருடையது.

"ஆரம்பத்துல பேரைக் கேட்டுச்சா?" என்றார் கடைசியில்.

"கேட்டுச்சு."

"நீங்க போட்டீங்களா?"

"போட்டேன். கேட்டா போடாம?"

"நில ஆபீசுல நான் பார்த்தப்போ மனை எண்ணைத்தாங்க கேட்டுச்சு. நீ யாருன்னு கேக்கவே இல்லை. எண்ணைப் போட்டதும் யார் பேர்ல இருக்குன்னு அதுதான் எனக்குச் சொல்லுச்சு. இது நாம சொன்னதையே திருப்பிச் சொல்லுதோ என்னவோ."

இந்த இடத்தில்தான் என் மூளை முதல் முறையாக அன்று வேலை செய்தது. என் போனை எடுத்து, அண்ணன் போனில் மேலே இருந்த முகவரியைப் பார்த்து அதே பக்கத்தைத் திறந்தேன். அட்டைப் பக்கம்வரை போக மாட்டேன் என்று அண்ணியிடம் சத்தியம் செய்துவிட்டு விவரங்களைப் போட்டேன். பெயர் என்ற இடத்தில் பூசணிக்காய். முகவரியில் கொல்லைப்புறம். போன் எண்ணில் வெறும் ஒன்பதுகள். வரி எண்ணுக்குக் கைக்கு வந்ததைத் தட்டினேன்.

சக்கரம் சுற்றியது. பச்சைக் கட்டம் வந்தது. சொத்து உரிமையாளர்: பூசணிக்காய். செலுத்த வேண்டிய வரி, அண்ணிக்குக் காட்டியதேதான், காசு பிசகாமல். இன்றே கட்டினால் பூசணிக்காய்க்கும் பெயர் மாற்றம் உறுதி.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அண்ணன் மட்டும் இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் முதல் முறையாக முகவரியை ஒழுங்காகப் படித்தோம். நகராட்சியின் பெயர் இருந்தது, வரி என்ற சொல் இருந்தது, சேவை என்ற சொல்லும் நடுவில் கோடு போட்டு ஒட்டியிருந்தது. அரசாங்கம் என்று காட்டும் gov என்ற எழுத்துகள்கூட நடுவில் இருந்தன. ஆனால் கடைசியில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முடிவில் இருந்தது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண டாட் காம்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன் அடித்தது. தெரியாத எண். அண்ணி ஒலிபெருக்கியில் போடச் சொன்னார்.

"வணக்கம் சார், வரி உதவி மையத்துலேர்ந்து பேசறோம். கடைசிப் படியில நின்னுட்டீங்க போல. அந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னா நாங்களே முடிச்சுத் தந்துடுவோம். இல்லன்னா பெயர் மாற்றம் ரத்தாயிடும் சார், மறுபடி விண்ணப்பம் கொடுக்கணும்."

குரல் தேனாகத்தான் இருந்தது. ரத்து என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அவரை அறியாமல் வாய் திறந்தது. அண்ணி கையை நீட்டி அவர் வாயை மூடினார், சோப்பு நுரையோடு.

"வணக்கம் தம்பி. நான்தான் வீட்டுக்காரி பேசறேன். எங்க வரி எண் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கும்மா, திரையில இருக்கு."

"நல்லது. அந்த எண்ணுல இதுக்கு முன்னாடி வரி கட்டினவர் பேரு என்ன, சொல்லுங்க. பேரைச் சொன்னதும் நம்பரைத் தரேன்."

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம்கூட இல்லை.

"அதும்மா, சர்வர் கொஞ்சம்..."

"எத்தனை வருஷமா எங்க தெருவுலேயே அவருக்குத்தான் முதல் ஆளா ரசீது வரும். உங்க ஏட்டுல இல்லையா?"

போன் வைக்கப்பட்டது. அண்ணி அண்ணனின் வாயிலிருந்து கையை எடுத்தார். நுரையைத் துப்பிக்கொண்டே அண்ணன் சொன்ன முதல் வார்த்தை: "பணம்!"

வங்கியின் போன் எண்ணைத் தேட அண்ணன் மறுபடியும் அதே தேடும் பெட்டிக்குப் போனார். பழக்கம் லேசில் போகாது. அண்ணி அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினார். "இதுல இருக்கு. தேடினா இன்னொரு டிரேடர்ஸ் வந்து நிப்பான்." அந்த எண்ணுக்குப் போட்டோம். வரிசையில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது.  அண்ணி சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டு நின்றார். அந்தக் கணக்கில் இருந்தது அவர் வெயிலில் காருக்குள் உட்கார்ந்து கத்திய கத்தல் அத்தனையும்.

எடுத்துப் பேசிய பெண் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் அட்டையை முடக்கினாள். பிறகு, "கடவுச்சொல் போடாததால அந்தப் பரிவர்த்தனை நடக்கலை சார். உங்க கணக்குலேர்ந்து எதுவும் போகலை" என்றாள். அண்ணன் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இன்னொரு முறையும் சொல்லச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே அதையும் சொன்னாள். புது அட்டை வந்துவிடும், அந்த ஏமாற்றுக்காரர்களின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம், இணையக் குற்றப் பிரிவில் ஒரு புகார் பதிந்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயேதான் இருந்தது.  போகாத பணத்துக்கு இத்தனை சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கணக்கில் நேற்று என்ன இருந்ததோ அதேதான் இன்றும் இருந்தது, ஆனால் லாட்டரி விழுந்த வீடு மாதிரி மூன்று பேரும் இளித்துக்கொண்டிருந்தோம். நான் ஈர வேட்டியோடு இன்னொரு தட்டு சாப்பிட்டேன்.

புகாரைப் பதிந்து முடித்தோம். சிரிப்பெல்லாம் அடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சைக் கட்டம் பொய் என்றால், அதில் இருந்த பெயரும் பொய். நாங்கள் பணத்தைக் காப்பாற்றியிருந்தோம், பள்ளியை இல்லை. அண்ணி இதை எங்களுக்கு முன்பே நினைத்திருக்க வேண்டும். அவர் அலமாரியிலிருந்து ஒப்புகைச் சீட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். சீட்டின் அடியில் நகராட்சியின் இணைய முகவரி அச்சாகியிருந்தது.

"உங்க போனைக் குடுங்க தம்பி. யாரும் தேட வேண்டாம். நானே அடிக்கறேன்."

ஒற்றை விரலால், சீட்டைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்து முடித்ததும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஒப்பிட்டார். கடைசி எழுத்துகளை மட்டும் இரண்டாவது முறையாகப் பார்த்தார். அங்கே இருக்க வேண்டியது இருந்தது. பக்கம் திறந்தது. அழகே இல்லை. மங்கிய நீலத்தில் ஒரு தலைப்பு, மெதுவாக வந்து சேரும் எழுத்துகள், கட்டடமும் இல்லை, கடிகாரமும் இல்லை. நடுவில் ஒரே ஒரு கட்டம்: வரி எண்.

அண்ணி எண்ணைப் போட்டார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பொய்ப் பக்கத்தின் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றியது! இது நொண்டியடித்தது. அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மாறலைன்னா நான் திங்கக்கிழமை காலையில நகராட்சி வாசல்லயே போய்ப் படுத்துடறேன்" என்றார் ஜன்னலிடம். "எல்லாம் என்னாலதான். அன்னிக்கே மாத்தியிருக்கணும். நீ எத்தனை தடவை சொன்னே."

"சும்மா இருங்க" என்றார் அண்ணி. கோபமாக இல்லை. போனை என் பக்கம் நீட்டினார். "எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது தம்பி. நீங்க படிங்க."

கண்ணாடி அவர் மூக்கிலேயேதான் இருந்தது. நான் போனை வாங்கினேன். பக்கம் வந்துவிட்டிருந்தது. முதலில் வார்டு எண். பிறகு கதவு எண், அண்ணன் வீட்டுடையதுதான். தெருவின் பெயர். நிலுவையில் இந்த வருஷ வரி மட்டும். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். உரிமையாளர் என்ற இடத்துக்கு வந்தேன். அதையும் படித்தேன். அண்ணியின் முழுப்பெயர், அவருடைய அப்பாவின் முதலெழுத்தோடு.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். யாரும் ஏய் என்று கத்தவில்லை, நானும் கை தட்டவில்லை. அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கி, கண்களுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுல எங்கேயாவது நாம பேரைப் போட்டோமா தம்பி?"

"இல்லை அண்ணி. நம்பர் மட்டும்தான் போட்டீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடி எங்கேயும் போடலையே?"

"போடவே இல்லை. கேக்கவே இல்லையே அது."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ அதுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போல அழுதார்.